ஆறாம் நாள், தூத்துக்குடி

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர் அந்தோனி. ஓய்வு பெற்ற பிறகும் சில காலம் சுற்றுலா பஸ்ஸை மலேசியாவுக்கு ஓட்டிக்கொண்டு போனவர். அதனால் தேவாலயத்தில் தமிழ்க் குழுவின் புனிதப் பயணத் திட்டத்தை எல்லோருக்கும் கொடுத்தபோது, மற்றவர்கள் கோயில் பெயர்களைப் படித்தார்கள். அவர் நேரத்தைப் படித்தார்.

சிங்கப்பூரில், பொங்கோலில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த மூன்று தாள்களும் இரண்டு நாள் கிடந்தன. எட்டு நாள் பயணம் என்று போட்டிருந்தது. முதல் நாள் என்பது ராத்திரி திருச்சியில் போய் இறங்குவது மட்டும். எட்டாம் நாள் என்பது விமான நிலையத்துக்குக் கிளம்புவது. மிச்சம் ஆறு நாளில் பதினேழு இடங்கள். அதில் ஐந்து இடங்களில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு ஏறவேண்டியதுதான். ஓய்வு நேரம் என்று ஒரே ஒரு இடத்தில் இருந்தது, அதுவும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு.

ஆறாம் நாளில்தான் அவர் பென்சில் நின்றது. காலை எட்டுக்கு மதுரையில் கிளம்பி, பட்டுப்புடவைக் கடை, இடைக்காட்டூர் தேவாலயம், மதியச் சாப்பாடு, கைவினைப் பொருள் நிலையம், மாலை நான்கு மணிக்குத் தூத்துக்குடி பனிமய மாதா கோயில், பிறகு உவரி, இரவு கன்னியாகுமரியில் தங்கல். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் மட்டும் சின்ன எழுத்தில் 'நேரமிருந்தால்' என்று இருந்தது. மொத்தம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்தச் சாலைகளில், அதுவும் முப்பது முதியவர்களோடு, ஓட்டமே ஏழு மணி நேரம் பிடிக்கும். எதையாவது விட்டால்தான் கன்னியாகுமரி போய்ச் சேரலாம். கடைகளை விடமாட்டார்கள். கூட்டம் கொண்டுவரும் வழிகாட்டியையும் ஓட்டுநரையும் கடைக்காரர்கள் கவனித்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். விடுபடப்போவது தூத்துக்குடிதான்.

அந்தத் தூத்துக்குடிக்காகத்தான் அவர் மனைவி பிரிஜட் இருவர் பெயரையும் கொடுத்திருந்தாள். அவளுடைய அக்கா வெரோனிகா அங்கே கட்டிக்கொடுக்கப்பட்டவள். பதினோரு வருஷமாகப் பார்க்கவில்லை. இப்போது இதயம் பலவீனமாகி, சக்கர நாற்காலியில் இருந்தாள்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு மண்டபத்தில் கூட்டம். பயணத்தை ஏற்பாடு செய்த டாரியஸ் பேசி முடித்ததும் அந்தோனி எழுந்து, குறித்துவைத்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைகளை எடுத்துவிட்டு, தூத்துக்குடியில் ஒரு ராத்திரி தங்கவேண்டும் என்றார். டாரியஸ் பொறுமையாகக் கேட்டான்.

"அந்தோனி அண்ணே, நீங்க இன்னும் பஸ்ஸ விட்டு இறங்கவே இல்ல லா," என்றான். "இது ஷிப்ட் இல்ல. நாம மாதாவப் பாக்கப் போறோம்."

மண்டபமே சிரித்தது. அந்தோனி திரும்பி மனைவியைப் பார்த்தார். பிரிஜட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்க வீட்டில் பேசவில்லை. மறுநாள் தன் பெயரை மட்டும் எடுத்துவிட லிட்டில் இந்தியாவுக்குப் போனார். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், நகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது இந்தப் பயணத்தை நடத்தும் அலுவலகம். கவுன்ட்டரில் ரோஷினி என்ற பெண். அவர் தாளில் பென்சிலால் குறித்திருந்ததைப் பார்த்ததும், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். திட்டம் சென்னையிலிருந்து அப்படியே வாங்கியது, எல்லாக் குழுவுக்கும் இதேதான், போன தடவையும் தூத்துக்குடி விட்டுப்போனது என்றாள்.

அவர் மனைவியின் அக்கா விஷயத்தைச் சொன்னார். ரோஷினி கொஞ்சம் யோசித்தாள்.

"அங்கிள், ஆன்ட்டிய மட்டும் ஆறாம் நாள் காலைல மதுரையிலேயே தனி கார்ல ஏத்திடலாம். மூணு மணி நேரத்துல தூத்துக்குடி. மத்தியானம் முழுக்க அக்கா கூட இருக்கட்டும். சாயங்காலம் கார் கன்னியாகுமரில ஹோட்டல்ல கொண்டுபோய் விட்டுடும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆன்ட்டி ஒரு மெசேஜ் போட்டா போதும்."

"சொல்றேன்," என்றார் அந்தோனி.

பொங்கோலுக்கு ரயிலில் வரும்போது சொல்லத்தான் நினைத்தார். ஆனால் கண்ணை மூடினால், வாயைப் பொத்திய அந்தக் கைதான் தெரிந்தது. வீட்டில் பிரிஜட் அக்காவுக்கு வாங்கிய நைட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல," என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அடுத்த வாரம் சாங்கி விமான நிலையத்தில் அவளை வழியனுப்பிவிட்டு வந்தார்.

ஆறாம் நாள் அவர் எங்கும் போகவில்லை. தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிங்கப்பூர் நேரத்திலிருந்து இரண்டரை மணியைக் கழித்துக் கழித்துப் பார்த்தார். புடவைக் கடையில் ஒன்றரை மணி நேரம் போய்விட்டதாக பிரிஜட் அனுப்பியிருந்தாள். அவர் போட்ட கணக்கும் அதேதான். தூத்துக்குடியில் இருந்திருக்கவேண்டிய நான்கு மணிக்கு அவள் அழைத்தாள். இன்னும் கைவினை நிலையத்தில்தான் இருந்தார்களாம். அக்காவை மூன்றரைக்கே மகன் கோயில் வாசலில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டானாம். அந்தோனி உம் கொட்டினார். எல்லாம் தான் சொன்னபடியே நடப்பதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு சுகம் ஓடியது. அதை அவர் மறைக்கவும் இல்லை, மறைக்க அங்கே யாரும் இல்லை.

இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் அழைத்தாள். நேரமாகிவிட்டதால் உவரிக்கே நேராகப் போவதாக வழிகாட்டி சொல்லிவிட்டானாம். பஸ் பைபாஸில் ஏறிவிட்டதாம். டாரியஸ் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்க்கவே இல்லையாம்.

"என்னங்க, நீங்க டாரியஸுக்கு ஒரு போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாரு."

"அன்னைக்குச் சொன்னேனே. எல்லாரும் சிரிச்சீங்க."

பிரிஜட் போனை வைத்துவிட்டாள்.

வெரோனிகா ஏழு மணிவரை வாசலிலேயே இருந்தாளாம். இதை பிரிஜட் திரும்பி வந்ததும் ஒரே வரியில் சொன்னாள், அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. நைட்டிகள் பெட்டியிலேயே திரும்பி வந்திருந்தன. அவற்றைத் தபாலில் அனுப்பலாமா என்று அந்தோனி கேட்டார். வேண்டாம், அடுத்த மாதம் தானே போய்க் கொடுப்பதாகச் சொன்னாள்.

வந்த பன்னிரண்டாம் நாள் காலை, அக்கா போய்விட்டதாகச் சேதி வந்தது.

டிக்கெட்டுக்காக இருவரும் அந்த அலுவலகத்துக்கே போனார்கள். அன்று விமானத்தில் இடம் இல்லை. மறுநாள் போனால் அடக்கத்துக்குப் பிறகுதான் போய்ச் சேரமுடியும். பரவாயில்லை, கல்லறையையாவது பார்க்கிறேன் என்றாள் பிரிஜட். யாருக்காக என்று ரோஷினி கேட்டாள். சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது.

"நல்லவேளை ஆன்ட்டி, போன மாசம் பாத்துட்டீங்க. கார் வேணாம்னு அங்கிள் சொன்னதும், நீங்க வேற ஏதோ ஏற்பாடு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்."

"எந்தக் கார்?" என்றாள் பிரிஜட்.

ரோஷினி அந்தோனியைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல், மதுரையிலிருந்து கார் பேசியதையும், வெள்ளிக்கிழமைவரை காத்திருந்து அவருக்குப் போன் செய்ததையும், வேண்டாம் என்று அவர் சொன்னதையும் அந்தப் பெண் மெல்லச் சொன்னாள். பிரிஜட் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஒரு ஆளுக்குப் போடும்மா," என்றாள். "திரும்பி வர்ற டிக்கெட் இப்ப வேணாம்."

கீழே இறங்கியதும் பூக்கடைகளைத் தாண்டி வேகமாக நடந்தாள். முட்டிவலிக்காரி அவ்வளவு வேகமாக நடந்து அந்தோனி பார்த்ததில்லை. சிக்னலில் எட்டிப் பிடித்து, கோபத்தில் புத்தி கெட்டுப்போச்சு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"நான் சிரிச்சது தப்புதான்," என்றாள் அவள், சாலையைப் பார்த்தபடியே. "அதுக்கு என்னைய நாலு அறை அறஞ்சிருக்கலாம். வாங்கிட்டிருப்பேன். அவ உங்களை என்ன பண்ணா?"

பச்சை விளக்கு விழுந்தது. பிரிஜட் கடந்து போனாள். அந்தோனி சிக்னலிலேயே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவரை இடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.