பாலம் முடியட்டும்

ரயிலில் போர்வை கொடுக்கும் அட்டெண்டர் கழிப்பறைப் பக்கம் போனபோதுதான் சுவரில் பதித்த மின் இணைப்புப் பெட்டி கரும்புகையைக் கக்குவதைப் பார்த்தார்.

"எல்லாரும் அடுத்த பெட்டிக்குப் போங்க!" என்று கத்தினார். வழியெல்லாம் மூட்டை, யாராலும் வேகமாக நகர முடியவில்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி அபாயச் சங்கிலியை எட்டிப் பிடித்தாள். அவர் அந்தக் கையைத் தடுத்தார்.

"வேண்டாம்மா! கீழ ஆறு. பாலத்து மேல நின்னா இறங்க இடமே கிடையாது!"

"புள்ளையோட எரிச்சுக் கொல்லப் பாக்குறியா?"

ஜன்னலில் இரும்புத் தூண்கள் ஒவ்வொன்றாகப் போயின. தப்பாகிவிட்டால் இத்தனை உயிரும் தன் தலையில்தானே என்று நினைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பாலம் முடிந்து மண் தெரிந்த மறுகணமே சங்கிலியைப் பிடித்துத் தொங்கி இழுத்தார். பிரேக் காற்று சீறியது; ரயில் தேய்ந்து தேய்ந்து நின்றது. சனம் குதித்து ஓடியது.

சீறல் வந்த பெட்டியைத் தேடி ரயில் கார்டு ஓடி வந்தார். எஞ்சினிலிருந்து வந்த உதவி டிரைவரோடு சேர்ந்து தீயணைப்பானால் நெருப்பை அடக்கினார்.

"யாருய்யா சங்கிலிய இழுத்தது?"

போன மாதம் வீட்டுப் பக்கம் இறங்குவதற்காக இழுத்த ஒருவனை ரயில்வே போலீஸ் பிடித்துப்போய், கோர்ட்டில் அபராதம் போட்டார்கள். அதில் சாட்சி சொன்னவரே அட்டெண்டர்தான்.

"நான்தான் சார்."

"பயப்படாதய்யா. காரணமில்லாம இழுத்தாத்தான் கேஸ். நெருப்புக்குத்தானே அத வச்சிருக்கு? பேரச் சொல்லு, ரிப்போர்ட்ல எழுதிக்கிறேன்," என்ற கார்டு, சங்கிலி திறந்துவிட்ட பிரேக் வால்வைச் சாவியால் மூடிக் காற்றை நிறுத்தினார்.

தூரத்தில் அந்தப் பெண் குழந்தையின் முகக் கரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அட்டெண்டர் சரளைக்கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.