ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது

அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'ஆள்பிடி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் பராமரிக்கும் அந்த நிறுவனத்துக்கு ஆள் தேடிச் சேர்ப்பது அவள் வேலை. அந்தப் பெயரைக் கேட்டால் முன்பெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும். செருமல் சாரின் இடத்துக்கு ஆள் தேட ஆரம்பித்த பிறகு வரவில்லை.

எந்தக் கட்டிடத்துக்கு எந்த மெக்கானிக் எப்போது போக வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுத்தவர் செருமல் சார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையை மெல்லச் செருமிக்கொள்வார், அதனால் அந்தப் பெயர். ஒரு மதியம் தன் நாற்காலியிலேயே தலை சாய்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். தூங்குகிறார் என்று நினைத்து வெகுநேரம் யாரும் எழுப்பவில்லை.

அந்த வேலைக்குக் கடைசி நேர்முகம் வரை வந்த ஒரு பெண் எல்லோருக்கும் பிடித்துப் போனாள். அறையை விட்டு வெளியே வந்ததுமே பராமரிப்புப் பிரிவு மேனேஜர், "இவங்கதான். வேற யாரையும் பாக்க வேண்டாம்" என்றாள். அன்றைக்கே வேலைக் கடிதம் போயிருக்க வேண்டும் என்றுதான் வெளியாட்கள் நினைப்பார்கள். உள்ளே நடப்பது வேறு.

நேர்முகம் செய்த நால்வரில் ஒருவர் தன் கருத்தை எழுதித் தராமலே வெளியூர் போய்விட்டார். அது வராமல் முடிவுக் கூட்டம் போட முடியாது. ஒருவழியாகக் கூட்டம் நடந்தபோது மேனேஜரின் சுருதி மாறியிருந்தது. "ஒப்பிட்டுப் பாக்க இன்னொருத்தர் வேணும்." இன்னொருவரைப் பார்த்தார்கள். முதல் பெண்ணே மேல் என்று முடிவானது. ஆனாலும் அவள் மறுத்தால் கைகொடுக்கட்டும் என்று இரண்டாமவரிடம் இல்லை என்று சொல்லாமல் நிறுத்தி வைத்தார்கள். அதற்குள் நிதிப் பிரிவு ஒரு கேள்வி போட்டது: போனவருக்குப் பதில் ஆள் உண்மையிலேயே தேவையா, இருப்பவர்களே பார்த்துக்கொள்ள முடியாதா? அதற்குப் பதில் எழுதினால், அவள் கேட்கும் சம்பளம் அதே வேலையில் ஏற்கெனவே இருப்பவர்களைவிட அதிகமாகிவிடாதா என்று அடுத்த கேள்வி.

அந்தப் பெண் போன் செய்யும்போதெல்லாம் ஆள்பிடி அக்கா ஒரே பாட்டைத்தான் பாடினாள். "வேலை நடந்துட்டே இருக்குங்க. கூடிய சீக்கிரம் சொல்றேன்." எல்லோரும் கையெழுத்திடும் முன்னால் ஆமாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. இல்லை என்று சொல்லவும் காரணம் இல்லை.

"உங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கறதுக்குள்ள, வந்தவங்க ரிட்டயர் ஆயிடுவாங்க போல" என்றான் கணவன், சாப்பிட்டுக்கொண்டே.

"கிண்டல் பண்ணாதீங்க. அந்தப் பொண்ணுக்கு இன்னொரு கம்பெனியும் வேலை தந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

நிதிப் பிரிவு கடைசியில் தலையாட்டியது. எஞ்சியது மேனேஜரின் முறையான ஒப்புதலும் அதற்குமேல் இயக்குநரின் ஒப்புதலும்தான். இரண்டும் கணினி வழியாகத்தான் போகும். செவ்வாய்க்கிழமை ஆள்பிடி அக்கா மேனேஜரிடம் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் வரலையே" என்றாள் மேனேஜர்.

கணினியில் தேடியபோது ஆள்பிடி அக்காவின் விரல்கள் அப்படியே நின்றன. 'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்ற வரிக்குப் பக்கத்தில் செருமல் சாரின் பெயர் இருந்தது.

காரணம் சாதாரணமானதுதான். மேனேஜர் அறுவை சிகிச்சைக்காக நீண்ட விடுப்பில் போனபோது தன் ஒப்புதல் அதிகாரத்தை அவருக்கு மாற்றிக் கொடுத்திருந்தாள். திரும்பி வந்த பிறகு அதை நீக்க யாருக்கும் தோன்றவில்லை. மெக்கானிக்குகளின் தகவல்கள் இன்னும் அவர் முகவரிக்கே வருவதால் கம்ப்யூட்டர் பிரிவும் அவர் கணக்கை மூடவில்லை. தன் நாற்காலிக்கு ஆள் போடலாமா என்ற கேள்வி, செத்துப்போனவரிடம் போய்க் காத்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு மாத்தித் தரேன்" என்றார் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர்.

மறுநாள் காலையில், இன்னும் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று ஆள்பிடி அக்கா அந்தப் பெண்ணை அழைத்தாள்.

"தெரியுங்க மேடம். உங்க சார் இப்பதான் பேசினாரு."

"எந்த சார்?"

"பேரு சொல்லலைங்க. உங்க ஆபீஸ் நம்பர்லேருந்துதான் வந்துச்சு. 'என்கிட்டதான் இருக்கு, இன்னைக்கு அனுப்பிடறேன், அந்த இன்னொரு கம்பெனிக்கு ஒத்துக்கிட்டுடாதீங்கம்மா'ன்னாரு. பாவம், தொண்டை சரியில்ல போல. ஒவ்வொரு வார்த்தைக்கும் செருமிட்டே இருந்தாரு."

ஆள்பிடி அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். ஏதோ உளறி போனை வைத்தாள். யாரோ விளையாடுகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அந்தப் பெண்ணின் எண் அவளிடமும் மேனேஜரிடமும் மட்டுமே இருந்தது.

மதியம் அவளும் மேனேஜரும் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிரிவில் எல்லோருமே அங்கேதான் இருந்தார்கள். திரும்பி வந்து திரையைப் பார்த்தால் வரி மாறியிருந்தது. 'ஒப்புதல் அளிக்கப்பட்டது.'

அவள் ஓடிப்போய் மேனேஜரை அழைத்து வந்தாள். கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் வந்து பார்த்தார், மறுபடி பார்த்தார். "அவரோட மேசையிலேருந்துதான் பண்ணியிருக்காங்க. நீங்கல்லாம் சாப்பிடப் போன நேரம்" என்றார். அவர் குரலில் சுரத்தே இல்லை. செருமல் சாரின் மேசையில் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. நாற்காலி, எழுந்து போகிறவர் தள்ளிவிட்டுப் போனதுபோல், சற்றே திரும்பியிருந்தது.

"மேடம், உங்களுக்கு அவர் பாஸ்வேர்ட் தெரியும்ல?" என்று ஆள்பிடி அக்கா மெல்லக் கேட்டாள்.

"தெரியும். ஆனா நான் உன் எதிர்லதானே உக்காந்திருந்தேன்." மேனேஜர் சுவரில் சாய்ந்துகொண்டாள். "உண்மையச் சொல்லட்டுமா? இன்னொருத்தரப் பாக்கணும்னு கேட்டது சும்மா. நிதிப் பிரிவுக்குப் பதில் எழுதாம இழுத்ததும் நான்தான். அன்னைக்கு அவரு தூங்கறாருன்னு நெனச்சு, சத்தம் போடாதீங்கன்னு எல்லாரையும் அடக்கினவ நான். அந்த நாற்காலில இன்னொருத்தரப் பாக்க மனசே வரலை." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் விடலைன்னு அவரே அந்த இடத்த விட்டுக் குடுத்துட்டாரு போல."

இப்படியே இயக்குநருக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்துவிடும். ஆள்பிடி அக்காவுக்கு அந்த ஆசை வராமல் இல்லை. ஆனால் உயிரோடு இல்லாதவரின் ஒப்புதலில் ஒருத்தியை வேலைக்குச் சேர்த்தால் நாளைக்கு எந்தத் தணிக்கையிலும் அது நிற்காது. அந்தப் பெண்ணின் வேலைதான் ஆட்டம் காணும்.

"ரத்து பண்ணிட்டு உங்க பேர்ல மறுபடி போடறேன் மேடம். உடனே ஒப்புதல் குடுங்க. இயக்குநர்கிட்ட நானே நேர்ல போறேன்."

ரத்து செய்யும் பொத்தானை அவள் அழுத்தினாள். அடுத்த அறையில் யாரோ செருமியதுபோல் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "மன்னிச்சுக்குங்க சார்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

மேனேஜர் அப்போதே ஒப்புதல் தந்தாள். இயக்குநர் கூட்டத்தில் இருந்தார். ஆள்பிடி அக்கா கதவுக்கு வெளியே நின்று, அவர் வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "இதுக்கா இவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டபடியே அவர் செல்பேசியிலேயே ஒப்புதலை அழுத்திவிட்டு நடந்தார். அவர் பங்குக்கு ஆன நேரம் அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் பழைய முதலாளியிடம் விசாரிப்பது வியாழக்கிழமை முடிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கடிதம் போனது. மதியத்துக்குள் அந்தப் பெண் சம்மதம் அனுப்பினாள். நிறுத்தி வைத்திருந்த இரண்டாமவரை ஆள்பிடி அக்கா அன்றே அழைத்து, இடம் நிரம்பிவிட்டது என்று மழுப்பாமல் சொன்னாள்.

அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்த காலையில், மேனேஜர் தன் கோப்பைகளையும் கோப்புகளையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுச் சுமந்துகொண்டு செருமல் சாரின் மேசைக்கு வந்தாள்.

"என்ன மேடம் இது?"

"அந்தப் பொண்ணு என் இடத்துல உக்காரட்டும். ஜன்னல் பக்கம், வெளிச்சமா இருக்கும்." அவள் நாற்காலியை இழுத்து, ஒரு கணம் தயங்கி, மெதுவாக உட்கார்ந்தாள். "இங்க நான் இருக்கேன்."