மறந்தவருக்கு மறுபிறவி உண்டு

முத்துக்கருப்பனைக் கொல்ல வேண்டும் என்று ஜோதிலட்சுமி ஒருநாளும் நினைத்ததில்லை. செத்தால் அந்த ஆள் தப்பித்துவிடுவார். அவர் தப்பிக்கக் கூடாது என்பதுதான் ஏழு வருஷமாக அவள் நெஞ்சில் இருந்த ஒரே ஆசை.

கம்பம்மெட்டு மலைப்பாதையில் உருண்ட ஜீப் அவருடையது. பத்துப் பேர் ஏற வேண்டிய வண்டியில் பதினேழு பெண்கள். எல்லோரும் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் பறிக்கப் போனவர்கள். ஐந்து பேர் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். அதில் ஒருத்தி ஜக்கம்மா, ஜோதிலட்சுமியின் தாய். ஏலக்காய்க் கறை ஏறிய அவள் விரல்கள்தாம் மகளைப் படிக்கவைத்து, தேனியில் ஒரு கல்லூரியில் ஆங்கில ஆசிரியை ஆக்கியிருந்தன.

பிரேக் பிடிக்கவில்லை என்று ஓட்டுநர் சின்னக்கருப்பு முந்தின நாளே முதலாளியிடம் சொல்லியிருந்தான். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று முத்துக்கருப்பன் கோர்ட்டில் சொன்னார். சின்னக்கருப்பு ஜெயிலுக்குப் போனான். முதலாளி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகத்துக்காக அவள் சில பழைய ஏடுகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருந்தாள். எகிப்தில் ஒரு மலையடிவாரத்தில், மண்ஜாடிக்குள் ஆயிரத்து அறுநூறு வருஷம் புதைந்து கிடந்தவை. ஞானவாதிகள் என்ற பழைய கூட்டத்தார் கையில் இருந்தவை. கூலி வேலையாகத் தொடங்கியது, பாதி ஏட்டுக்குள் வேறொன்றாகிவிட்டது. இந்த உலகத்தைப் படைத்தவன் நல்லவன் இல்லை, குறைப்பிறவி என்று அந்த ஏடுகள் சொல்லின. கோர்ட் வாசலில் நின்றவளுக்கு அதற்குமேல் அத்தாட்சி தேவைப்படவில்லை.

செத்தபின் உயிர்கள் எங்கே போகும் என்ற இடத்துக்கு வந்தபோது அவள் பேனாவை வைத்துவிட்டாள். தன்னை அறிந்த உயிர் மேலே ஒளிக்குத் திரும்பும். அறியாத உயிரை இவ்வுலகின் ஆட்சியர்கள் சங்கிலியில் பிணைத்து இன்னோர் உடம்புச் சிறையில் போடுவார்கள். மறதி கலைந்து விழிக்கும்வரை அப்படியே சுற்றும். என்றைக்காவது விழித்தால் அதற்கும் விடுதலை உண்டு. விடுதலையே இல்லாதவர்கள் ஒரே வகைதான். அறிந்துகொண்டு, அறிந்தபிறகு புறங்காட்டிப் போனவர்கள். மனந்திரும்ப வழியில்லாத இடம் அவர்களுக்கு.

அப்படியென்றால், முத்துக்கருப்பன் இப்படியே செத்தால் அவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. அதை அவளால் தாங்க முடியவில்லை.

சர்க்கரை வியாதியில் அவருக்குப் பார்வை போய்விட்டது, பேப்பர் படித்துக்காட்ட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கோம்பையில் இருந்த அவர் வீட்டுக்குப் போனாள். மகன் சசிதரன் திருப்பூரிலிருந்து அண்மையில்தான் வந்திருந்தான். அவளை அவன் முன்பின் பார்த்ததில்லை.

“அப்பாவுக்குப் பொழுது போகல டீச்சர். கத்திக்கிட்டே இருக்காக. என்னத்தையாவது வாசிங்க” என்றான்.

சனி, ஞாயிறு பகலில் போனாள். முதல் மாதம் செய்தித்தாள். அப்புறம் ஒருநாள், “ஐயா, ஒரு பழைய கதை இருக்கு. கேக்குறீகளா?” என்றாள்.

“கேப்பம். காது இன்னும் அவிஞ்சு போகல.”

அவள் சொன்னாள். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணுக்கும் பேச்சுக்கும் எட்டாத பிதா. அவரிடமிருந்து புறப்பட்ட ஒளிகள் சேர்ந்த மேலுலகத்துக்கு நிறைவு என்று பெயர். அந்த ஒளிகளில் கடைசியானவள் சோபியா என்னும் ஞானம். துணையின் சம்மதம் இல்லாமல், தனியாக ஒன்றைப் பிறப்பிக்க ஆசைப்பட்டாள். பிறந்தது சிங்க முகமும் பாம்பு உடலுமாக விகாரமாக இருந்தது. வெட்கப்பட்டு மேகத்துக்குள் மறைத்துவைத்தாள். தாயின் வல்லமையில் ஒரு பங்கைத் திருடிக்கொண்டு அது ஓடிப்போய், தனக்கு ஆட்சியர்களை உண்டாக்கி, இந்த உலகத்தைச் செய்தது. செய்துவிட்டு, என்னைத் தவிர வேறு கடவுளே கிடையாது என்று கத்தியது.

“வேற எவனும் இல்லைன்னா யாருகிட்டப் போயி கத்துனான்?” என்றார் முத்துக்கருப்பன்.

ஜோதிலட்சுமி திடுக்கிட்டாள். ஏட்டிலும் கிட்டத்தட்ட அதே கேள்வி இருந்தது. இந்த ஆளுக்குப் புத்தி உண்டு என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. நல்லது, புத்தி உள்ளவனுக்குத்தான் அறிவு ஏறும்.

அடுத்த வாரம் மனிதனைச் செய்த கதை. மேலேயிருந்து தண்ணீரில் தெரிந்த ஒளியுருவத்தைப் பார்த்து ஆட்சியர்கள் ஆசைப்பட்டு, அதே சாயலில் ஓர் உடலைச் செய்தார்கள். ஆளுக்கொரு உறுப்பு.

“கண்ணச் செஞ்சது யாரு?”

“வலக் கண்ணுக்கு ஒருத்தன், இடக் கண்ணுக்கு ஒருத்தன்.”

“ரெண்டு பேருமே வேல தெரியாதவனுக” என்று சிரித்தார். “பெறகு?”

“செஞ்ச உடம்பு எந்திரிக்கல. தரையில கெடந்துச்சு. அப்ப மேலேர்ந்து வந்தவுக, அந்தச் சிங்க மொகத்தானோட ஆளுக மாதிரி வேஷம் போட்டு, உன் மூச்ச அதுமேல ஊதுன்னு யோசனை சொன்னாக. ஊதினான். அம்மாகிட்டத் திருடின ஒளிப்பொறி அவன விட்டு மனுஷனுக்குள்ள போயிருச்சு. போனது அவனுக்கே தெரியல. மனுஷன் எந்திரிச்சு நின்னான், செஞ்சவன விடப் பிரகாசமா. அதுல வந்த பொறாமைதான் மிச்சக் கதை பூரா. மண்ணு, தண்ணி, நெருப்பு, காத்து நாலையும் பிசைஞ்சு இந்தக் கனத்த உடம்புக்குள்ள போட்டு அடைச்சாக. தான் யாருன்னு ஞாபகம் வராம மறதியப் பூட்டினாக.”

அவர் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். பிறகு, “அப்ப எனக்குள்ளயும் அந்தப் பொறி கெடக்கா?” என்றார்.

அந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை.

“வண்டியச் செஞ்சவன் கோளாறா செஞ்சுட்டா, அப்புறம் கவுந்துச்சு உருண்டுச்சுன்னு மனுஷனக் குத்தம் சொல்ல முடியாதுல்ல தாயி? என் ஜீப்பு ஒண்ணு உருண்டுச்சு. அஞ்சு பொம்பளைக. யோசிச்சா, அவுகளும் இந்த ஒடம்பு ஜெயில விட்டுப் போனவுகதான்.”

ஜோதிலட்சுமியின் கை மடியில் கிடந்த தாள்களைக் கசக்கியது. ஓங்கி அறைந்தால் என்ன என்று இருந்தது. ஆனால் அறைந்துவிட்டால் காரியம் கெட்டுவிடும்.

“தப்பு ஐயா” என்றாள். “சாவு வெளியே விடாது. அறிவுதான் விடும். அறியாமச் செத்தா திரும்ப இன்னொரு உடம்பு. பொறிக்குப் பக்கத்துலயே போலி ஆவின்னு ஒண்ண அவனுக வச்சிருக்கானுக. பொறி மாதிரியே பேசும். உன் மேல தப்பில்ல, எல்லாம் படைச்சவன் தப்புன்னு இப்பச் சொல்லுச்சே, அதுதான் அது.”

அதற்கடுத்த வாரம் அவள் ஒன்றும் வாசிக்கவில்லை. மறதிதான் பூட்டு, ஞாபகம்தான் சாவி என்றாள். நடந்ததை நடந்தபடி நினைத்துப் பார்க்கச் சொன்னாள். அவர் மல்லாந்து படுத்தபடியே சொன்னார்.

“சின்னக்கருப்பு சொன்னான். பிரேக் ஆயிலு ஒழுகுதுன்னான். பறிப்பு முடியட்டும்னேன். விடியக்காலம் வண்டி கெளம்புறப்ப நானும் அங்கன நின்னேன். ஜக்கம்மான்னு ஒருத்தி, சத்தம் சரியில்ல, நான் வரலன்னா. நாந்தான் ஏறு ஆத்தா, ஒண்ணும் ஆகாதுன்னு கையப் புடிச்சு ஏத்திவிட்டேன்.”

இது அவளுக்குத் தெரியாது. யாரும் அவளிடம் சொன்னதில்லை. அம்மா ஏற மறுத்திருக்கிறாள்.

“அது எங்கம்மா” என்றாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். குருட்டுக் கண்களிலிருந்து நீர் இறங்கியது. அவள் இருந்த திசைக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். நடிப்பில்லை. அந்த முகத்தில் ஏதோ ஒன்று கண்ணைத் திறந்துகொண்டதை அவள் பார்த்தாள். ஏட்டில் எழுதியிருந்தது அத்தனையும் நிஜம்தான் என்று அவளுக்குப் பட்டது.

“என்ன செய்யணும், சொல்லு தாயி.”

“சின்னக்கருப்போட அப்பீல் மதுரைக் கோர்ட்டுல இன்னும் கெடக்கு. இப்பச் சொன்னத எழுதிக் கையெழுத்துப் போடுங்க. செய்யாத தப்புக்கு ஜெயிலுக்குப் போயி, ஜாமீன்ல வந்து, ஒருத்தன் ஏழு வருஷமா குத்தவாளியா அலையுறான்.”

“ஞாயித்துக்கிழம வக்கீலக் கூட்டிட்டு வா. போடுறேன்.”

தேனிக்குத் திரும்பும் பஸ்ஸில் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கையெழுத்துப் போட்டுவிட்டால்? அவர் மேலே போய்விடுவார். சிங்க முகத்தானையும் அவன் ஆட்களையும் தாண்டி, அம்மாவைக் கைபிடித்துச் சாவுக்கு ஏற்றிவிட்ட அந்த ஆள் ஒளிக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். அதுவும் அவள் காட்டிய வழியில். ஏட்டின்படி உயிரைக் கீழே இழுப்பவை நான்கு: இன்பம், ஆசை, துக்கம், பயம். முத்துக்கருப்பனுக்கு எது சரிவரும் என்று அவள் வீரபாண்டி தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டாள். சசிதரனுக்குப் போன் போட்டாள்.

“உங்கப்பா ஞாயித்துக்கிழம வக்கீல வரச் சொல்லிருக்காக. எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி?”

ஞாயிற்றுக்கிழமை சின்னக்கருப்பு மழுங்கச் சிரைத்து, வெள்ளைச் சட்டை போட்டு, வக்கீலோடு வந்து கூடத்து ஓரத்தில் நின்றான். முத்துக்கருப்பன் தலையைக் குனிந்திருந்தார். மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். வாரம் முழுக்க அவன் என்னென்ன சொல்லியிருப்பான் என்று அவளுக்குத் தெரியும்: ஜெயில், ஊர்ப்பேச்சு, பேரப்பிள்ளைகளின் கல்யாணம்.

வக்கீல் கேட்டார். “அன்னைக்கு உங்க டிரைவர் பிரேக்கப் பத்தி உங்ககிட்டச் சொன்னாரா?”

“எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல” என்றார் முத்துக்கருப்பன்.

மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் அதே பதில். சின்னக்கருப்பு வெளியே போனான்.

எல்லோரும் போனபின் அவள் கட்டிலருகே குனிந்தாள்.

“ஒரு பக்கத்த உங்களுக்கு வாசிக்காம வச்சிருந்தேன் ஐயா.” அதை நிதானமாகச் சொன்னாள். அறியாதவனுக்கு மறுபிறவி. அறிந்தபின் புறங்காட்டியவனுக்கு விடுதலையே இல்லை. “நீங்க அறியாமச் செத்துருந்தா உங்களுக்கு வழி இருந்துச்சு. அதுக்குத்தான் வந்தேன். அறிய வைக்க.”

அவர் கை அவளைத் தேடி மெத்தையைத் துழாவியது.

“நீயும் அறிஞ்சவதான?” என்றார் மூச்சுத் திணற. “இந்தப் பாவத்தச் செஞ்ச நீ எங்க போவ?”

“நானும் அங்கனதான் வருவேன்” என்றாள் ஜோதிலட்சுமி. “நீங்க இருக்கீகளான்னு பாக்க வேணாமா?”

வெளியே வந்தபோது ஏழு வருஷத்தில் முதல்முறையாக அவளுக்குப் பசித்தது.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடையில் சின்னக்கருப்பு உட்கார்ந்திருந்தான். அவளுக்கும் ஒரு டீ சொன்னான்.

“அவரு சொல்லிருப்பாருக்கா. மொகத்தப் பாத்தா தெரிஞ்சுச்சு. எவனோ முன்னாடியே மகன்கிட்டப் போட்டுக் குடுத்துட்டான்.” கண்ணாடி டம்ளரை உருட்டினான். “புடுங்குன லைசென்ஸ் திரும்பக் கெடைச்சிரும்னு வீட்டுல சொல்லிட்டு வந்தேன். மக கேலி பண்ணுவா. யாரா இருக்கும்க்கா?”

இரண்டு நாள் வளர்ந்த நரைமுடிகூட இல்லாமல் பளிச்சென்று இருந்தது அவன் முகம். தாடையில் பிளேடு கிழித்த சின்னக் காயம். இந்த ஒரு வாரத்தில் இவனைப் பற்றி ஒரு நிமிஷம்கூடத் தான் நினைக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒருவனை அடைத்துப் பூட்டும் அவசரத்தில், ஏற்கெனவே உள்ளே கிடந்தவனின் கதவையும் சாத்திவிட்டிருந்தாள்.

பொய் சொல்லியிருக்கலாம். அவனும் நம்பியிருப்பான்.

“நாந்தான் சின்னக்கருப்பு. நாந்தான் போன் போட்டேன்.”

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்தான். ஏன் என்று கேட்பான், திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் இரண்டு டீக்கும் காசை வைத்துவிட்டு, கம்பம் போகும் பஸ் வேகம் எடுப்பதற்குள் ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

முத்துக்கருப்பன் அதற்குப் பின் ஐந்து மாதம் இருந்தார். டீச்சரைக் கூப்பிடுங்கள் என்று தினமும் கேட்டாராம். சசிதரன் பலமுறை போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. அவர் செத்தபின், கேட்டதை எல்லாம் தன் பெயரில் பிரமாணப் பத்திரமாக எழுதி வக்கீலிடம் கொடுத்தாள். செத்தவர் பேச்சுக்குச் சாட்சி நீங்கள் ஒருத்திதானே, கோர்ட்டில் எவ்வளவு நிற்கும் என்று தெரியவில்லை என்றார் வக்கீல்.

“போன் போட்டதையும் சேத்து எழுதிருக்கேன்” என்றாள் ஜோதிலட்சுமி. “அது நிக்கும்.”