ஒரு கணுவுக்கு ஒன்பது சதவீதம்

தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் பிரஸ்காரருடைய ஆட்காட்டி விரலின் நுனிக் கணுவைத் தின்றிருந்தது. ஆனால் ஊனத்துக்கான இழப்பீட்டை முடிவுசெய்யும் மெடிக்கல் போர்டுக்கு முன்னால் உடம்பு மொத்தமும் அழவேண்டும் என்று மனைவி ஒரு வாரமாக அவரைப் பழக்கியிருந்தாள். அவரும் நொண்டினார், லொக்கு லொக்கென்று இருமினார், நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

டாக்டர் விரலை மட்டும் பிடித்துப் பார்த்தார். "எலும்போட ஒரு கணு போயிருக்கு. அட்டவணைப்படி ஒன்பது சதவீதம்."

"அப்போ காலு?" என்றாள் மனைவி.

"மெஷின் காலையும் கடிச்சுதா?"

பிரஸ்காரர் சட்டென்று நேராக உட்கார்ந்தார்.

"அழுதா சதவீதம் ஏறாதும்மா," என்றார் டாக்டர். "முழு ஊனம்னா இவர் சம்பளத்துக்கு எவ்வளவு வருமோ, அதுல ஒன்பது சதவீதம் மாசாமாசம் வரும். மறுபடி வேலைக்குப் போனாலும் நிக்காது."

"எத்தனை வருஷத்துக்கு?"

"இவர் உயிரோட இருக்கிற வரைக்கும்."

மனைவி உடனே புருஷனின் சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் வீசினாள்.

"இன்னும் என்ன இருமல் வேண்டிக் கிடக்கு? நிமிர்ந்து நடங்க! நூறு வயசுக்கு ஒரு நாள் குறைஞ்சாலும் உங்கள சும்மா விடமாட்டேன்!"