மினிட் புத்தகத்தின் அடுத்த பக்கம்

ஐந்து நூல் மில்களும் ஒரே நாளில் ஒரே விலை ஏற்றியதால், ராஜபாளையத்தில் நேசையனின் பேண்டேஜ் தறிகள் நின்றுவிட்டன. மில்காரர்கள் சேர்ந்து தீர்மானித்ததை ஒரு மில் மேனேஜரே பேண்டேஜ் உற்பத்தியாளர் சங்கக் கூட்டத்தில் சொல்லிக் கையெழுத்திட்டிருந்தார். கூட்ட நடவடிக்கைகளை எழுதிவைத்த அந்த மினிட் புத்தகத்தோடு நேசையன் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார்.

"ஒரே விலைங்கிறது மட்டும் போதாது அண்ணாச்சி. கூடிப் பேசினதுக்கு இதுதான் சாட்சி. வியாபாரிங்க கூட்டுச் சேர்ந்து விலை வைக்கிறதை விசாரிக்கிற டெல்லி எம்.ஆர்.டி.பி. கமிஷன் இதுக்குத் தடை போடும்" என்ற வக்கீல் பத்மாசனி பக்கத்தைப் புரட்டினாள்.

"இதென்ன? ஆஸ்பத்திரி டெண்டருக்கு உங்க சங்கத்துக்காரங்க பதினாலு பேரும் பேசிவச்சு ஒரே ரேட்டா?"

"அது ஒத்துமைம்மா."

"அவிய செஞ்சதும் அதேதான்."

"இந்தப் பக்கத்தைக் கிழிச்சிருவோமா?"

"கிழிச்சா புத்தகத்தையே நம்பமாட்டாங்க."

அந்தப் பக்கத்தில் முதல் கையெழுத்து நேசையனுடையதுதான். அவர் புத்தகத்தை மூடி அவளிடமே கொடுத்தார்.

"ரெண்டு பக்கத்தையும் அனுப்புங்கம்மா. நானும் குத்தவாளியா நிக்கேன். தறி ஓடட்டும்."