சக்கரம் அறக்கூடாது

லிங்கி ஆற்றை ஒட்டிய காட்டில் கைப்பேசிக்கு லைன் கிடையாது. செம்பனை மரங்களுக்கு நடுவே சசிதரன் எத்தனை மேடு ஏறிப் பார்த்தாலும் திரையில் ஒரு கோடுகூட எழாது. அவன் ஆடும் சூதாட்டச் செயலியின் இலவசச் சக்கரமோ காலை பத்து மணிக்குத் திறந்து பன்னிரண்டுக்கு மூடிவிடும். ஒரு நாள் சுற்றாமல் விட்டால் தொடர் அறுந்து மறுபடி முதல் நாளிலிருந்து. முப்பதாவது நாளில்தான் பெரிய பரிசுள்ள தங்கச் சக்கரம்.

அதனால் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டு முடிந்ததும், குலை வெட்டுக்குப் போகும் வழியில், லைன் கிடைக்கும் ஆயாக்கொட்டகையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் போவான். எஸ்டேட்டில் வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளை அங்கே பார்த்துக்கொள்பவள் மோகனா.

"காசு எதுவும் போட வேணாங்க்கா. டிங்குனு சத்தம் வரும், வட்டத்த ஒரு தடவ அமுத்துங்க, அவ்ளோதான்."

"இதுக்குப் போயி இவ்ளோ கெஞ்சிறியே. வெச்சிட்டுப் போ லா."

மோகனா எதையும் பாதியில் விடுகிறவள் அல்ல. செவ்வாய் விரதம் பிடித்தால் காய்ச்சலிலும் முறிக்கமாட்டாள். சக்கரத்தையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். முதல் வாரம் சாயங்காலம் கைப்பேசியைத் திருப்பித் தரும்போது, "அமுத்திட்டேன்" என்பாள். இரண்டாம் வாரம் அவள் குரலே வேறு மாதிரி இருந்தது.

"ஐந்நூறு வெள்ளிக்கிட்ட வந்துச்சு தம்பி. முள்ளு நிக்கப் போவுது, நிக்கப் போவுது... அடுத்த கட்டத்துக்கு நவுந்துருச்சு. ஒரு நூல்ல போச்சு!"

அது எப்போதும் ஒரு நூலில்தான் போகும் என்று சசிதரனுக்குத் தெரியும். சக்கரம் சுழல்வது வெறும் காட்சி. எங்கே நிற்கவேண்டும் என்பது அமுத்திய கணத்திலேயே முடிவாகியிருக்கும். விழுகிற பணத்தையும் எடுக்க முடியாது. அதைப் பல மடங்கு ஆட்டத்தில் வைத்துத் தீர்த்தால்தான் கைக்கு வரும், தீர்ப்பதற்குள் கைக்காசும் போயிருக்கும். சிரம்பானில் முன்பு வேலை பார்த்த கடையில் ஒருவன் இதையெல்லாம் சொல்லியிருந்தான். தெரிந்தும் சசிதரன் மோகனாவிடம் சொல்லவில்லை. "நாளைக்கு விழும்க்கா" என்றான். அவள் சொந்தமாக ஒரு கணக்குத் திறக்கக் கேட்டபோது, ஆள் சேர்க்கும் தன் எண்ணைத்தான் போட்டுக் கொடுத்தான். அதற்கு அவனுக்கு இரண்டு சுற்று கூடுதலாகக் கிடைத்தது.

அன்று வெள்ளிக்கிழமை. சசிதரன் குலை வெட்ட, பின்னாலேயே ரதி உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய மூன்று வயது மகள் நிரஞ்சனா கொட்டகையில்.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் திருச்செல்வத்தின் மோட்டார்சைக்கிள் சேற்றை வாரியிறைத்துக்கொண்டு வந்து நின்றது.

"ரதி, ஏறு. புள்ளைக்கு ஒன்னும் இல்ல. ஆனா ஏறு."

"என்னா மண்டோரு? என்னா ஆச்சு?"

"புள்ள லோரி பாதைக்கு வந்துருச்சு. தங்கராஜு பிரேக் அடிச்சிட்டான். முட்டிதான் தேஞ்சிருக்கு, பயப்படாத."

ரதி சாக்கைப் போட்டுவிட்டு ஏறினாள். சசிதரன் மரத்தடியில் அரிவாளைச் சாய்த்துவிட்டு ஓடினான்.

கொட்டகைக்கு அவன் வந்து சேர்ந்தபோது ரதி பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி கத்திக்கொண்டிருந்தாள். முட்டியில் சிராய்ப்பு, மேலே மஞ்சள் மருந்து. லோரி ஓட்டுநர் தங்கராஜு படியில் உட்கார்ந்து லோரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவு தெறந்து கெடந்துருக்கு! நீ எங்க போன?"

"பால் காச்சிக்கிட்டு இருந்தேன் ரதி. ஒரு நிமிசம்தான்."

அடுப்பு சூடாகக்கூட இல்லை. பால் சட்டி கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. சன்னல் திட்டில் இரண்டு கைப்பேசிகள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஒன்று அவனுடையது. திரை இன்னும் அணையவில்லை. 'அருமை! இருபத்தேழாம் நாள். நாளை வரை காத்திருங்கள்' என்று மின்னியது. கீழே நாளைக்கான நேரம் விநாடி விநாடியாகக் குறைந்துகொண்டிருந்தது. இன்னொன்றில் மோகனாவின் கணக்கு. அங்கேயும் ஒரு சக்கரம்.

சசிதரன் தன்னுடையதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

"நாளைக்கு ஆபீஸ்ல கேப்பாங்க" என்றார் திருச்செல்வம். "கவனக் கொறைவா, இல்ல கதவோட கொக்கி கெட்டுப்போச்சான்னு. கொக்கின்னா ஒன்னும் இல்ல, மாத்திப் போட்டுருவோம். வேறன்னா மோகனாவுக்கு வேல இல்ல."

"கொக்கிதான் மண்டோரு" என்றாள் மோகனா. சசிதரனை ஒரு முறை பார்த்தாள். "ரொம்ப நாளாவே சரியில்ல. தம்பிகூட பாத்துருக்கு."

எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். கொக்கி நன்றாகத்தான் இருந்தது. தினமும் காலையில் அவனே அதைத் தூக்கித்தான் உள்ளே போவான்.

"ஆமா" என்றான். "கொஞ்சம் லூசாதான் இருக்கும்."

ரதி பெருமூச்சு விட்டாள். "மன்னிச்சிரு அக்கா, ஆத்திரத்துல பேசிட்டேன். கொக்கிய மாத்துனா நாளைக்கே கொண்டாந்து விடுறேன். வேற எங்க விடுவேன் நானு?"

அவள் மன்னிப்புக் கேட்டதுதான் அவனுக்குத் தாங்கமுடியாமல் போனது. லோரி நிற்காமல் போயிருந்தால்? இந்த ஆமாவை அப்போதும் சொல்லியிருப்பானா? இரவு சோற்றைப் பிசைந்துவிட்டுத் தட்டை ஒதுக்கினான். கடல் தாண்டி ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "சாப்டியாய்யா?" என்றாள். சாப்பிட்டேன் என்றான்.

சக்கரம் போதும் என்று முடிவெடுத்தான். கைப்பேசியைக் கொட்டகையில் கொடுக்காவிட்டால் தானாக அறுந்துபோகும், மோகனாவும் பயந்திருப்பாள், அவள் வேலையும் தப்பும், யாரிடமும் எதையும் சொல்லத் தேவையில்லை. அப்படித்தான் நினைத்தான்.

காலையில் கொட்டகை வாசலைத் தலைகுனிந்து கடந்தபோது, மோகனா உள்ளே இருந்து ஓடி வந்தாள். கதவில் பளபளவென்று புதுக் கொக்கி.

"போன குடுக்காமப் போறியே தம்பி!"

"வேணாங்க்கா. விட்டுருவோம்."

"என்னா வெளையாடுறியா? இன்னைக்கு இருபத்தெட்டு. இன்னும் ரெண்டே நாளு. இவ்ளோ நாளு நான் காப்பாத்தி வெச்சத நீ அறுத்துருவியா?" அவள் கையை நீட்டினாள். "குடு லா. என்னோடது பத்தரைக்கு, உன்னோடது பதினொன்னுக்கு. நான் நேரம் பிரிச்சு வெச்சிருக்கேன். புள்ளைங்கள மொதல்லயே தூங்க வெச்சிருவேன்."

அவள் முகத்தில் நேற்றைய பயம் இல்லை. அவசரம்தான் இருந்தது. அந்த அவசரத்தை அவன் தினமும் கண்ணாடியில் பார்த்திருக்கிறான்.

பின்னால் ரதி நிரஞ்சனாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பிள்ளை நொண்டி நொண்டி நடந்தது. மோகனா குனிந்து இரு கைகளையும் விரித்தாள். "வாடி தங்கம்."

"ரதிக்கா" என்றான் சசிதரன். "புள்ளைய இங்க விடாதீங்க."

"என்னா?"

"கொக்கி நல்லாதான் இருந்துச்சு. நான் பொய் சொன்னேன். அக்கா என் போன்ல சக்கரம் சுத்திக்கிட்டு இருந்தாங்க. சூதாட்டச் சக்கரம். நான்தான் தெனமும் குடுத்துட்டுப் போவேன். அவங்களுக்கும் நான்தான் தொறந்து குடுத்தேன்."

ரதி அவனை அடிப்பாள் என்று நினைத்தான். அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"நேத்து உன் முன்னாடிதானே நான் அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன்?"

அவன் தலையாட்டினான்.

"மண்டோருகிட்ட வந்து சொல்லு. இதே மாதிரி சொல்லு."

"வேல பெர்மிட்ட வெட்டி ஊருக்கு அனுப்பிருவாங்கக்கா."

"அனுப்பட்டும்."

அவள் ஆபீஸ் பக்கம் நடந்தாள். சசிதரன் பின்னால் இரண்டு அடி வைத்தான். மோகனா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அழுதுகொண்டிருந்தாள். வேலை போகப்போகிறதே என்றுதான் அழுகிறாள் என்று அவன் எண்ணினான்.

"போறதுன்னா போ தம்பி" என்றாள் தாழ்ந்த குரலில். "போன மட்டும் வெச்சிட்டுப் போ. பத்து மணிக்குச் சக்கரம் தொறந்துரும்."