முதல் அசைவு

காலை ஏழு மணிக்கு என் மேலதிகாரி துரைராசா சார் போனில் கூப்பிட்டார்.

"கிருஷாந்தி, வால்வை எழுப்பி விட்டனீரே?"

"எழுப்பியாச்சு சார்."

"எத்தினை தரம்?"

"மூணு தடவ. மூணாவது நல்லா வந்துச்சு."

"அப்ப சரி. அந்த இன்சூரன்ஸ் அம்மா பத்து மணிக்கு வாறா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். விளங்கிச்சோ?"

"வெளங்குச்சு சார்."

நான் வால்வைத் தொடவே இல்லை.

தலவாக்கலைக்கு மேலே, மலையைக் குடைந்து கட்டிய பெக்டரி எங்களுடையது. தேயிலைச் சாற்றைக் காய்ச்சித் தூளாக்குவது வேலை. ஐந்து மாடி உயரக் கோபுரத்துக்குள் சாற்றைத் தெளிப்பார்கள். கீழே கேஸ் அடுப்பு எரியும். அதன் சூட்டுக் காற்றில் சாறு காய்ந்து தூளாய்க் கொட்டும். அடுப்பை நடுவில் நிறுத்தினால் தூள் உள்சுவரில் பாகாய் ஒட்டிக்கொள்ளும். கழுவி எடுக்க இரண்டு நாள். அதனால் நிறுத்தவே மாட்டார்கள்.

கேஸ் குழாயில் ஒரு பெரிய வால்வு இருக்கிறது. காற்றழுத்தம் அதைத் திறந்து பிடித்திருக்கும். நெருப்பு அணைந்தாலோ யாராவது சிவப்புப் பொத்தானை அமுக்கினாலோ காற்று வெளியேறும், உள்ளிருக்கும் ஸ்பிரிங் வால்வை அறைந்து மூடும். வருடம் முழுக்கத் திறந்தே கிடப்பதுதான் அதன் வேலை. அசையாமல் கிடப்பது இறுகும். கேஸில் வரும் எண்ணெய்ப் பிசின் ஒட்டும், தண்டு துருவேறும். மூட வேண்டிய நாளில் மூடுமா என்று முழுக்க மூடிப் பார்க்க முடியாது. பார்த்தால் அடுப்பு அணையும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நூற்றுக்குப் பதினைந்து வீதம் மட்டும் மூடித் திரும்பத் திறப்போம். அடுப்புக்கு அது தெரியவே தெரியாது. வால்வின் தலையிலிருக்கும் பெட்டி, காற்றை மெல்ல மெல்ல விட்டு, எந்த அழுத்தத்தில் தண்டு முதலில் அசைகிறது என்று எழுதி வைக்கும். நல்ல வால்வு, அழுத்தம் மூன்று பாருக்கு இறங்குமுன்பே அசைந்துவிடும். இரண்டு பார் வரை இறங்கியும் அசையாவிட்டால் பெட்டி சோதனையைக் கைவிட்டுத் திரும்பக் காற்றை நிரப்பிவிடும். அதற்கும் கீழே இறக்கினால், ஒட்டியிருந்தது திடீரென்று விட்டு, ஸ்பிரிங் ஒரே அறையாய் மூடிவிடலாம்.

முதல் அசைவில்தான் உண்மை இருக்கிறது. ஒரு தடவை அசைத்து இளக்கிவிட்டால், அடுத்த தடவை எந்தக் கிழட்டு வால்வும் குமரி மாதிரி ஆடும்.

இதைத் துரைராசா சார் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். "எழுப்பி விடுறது" என்று அதற்குப் பெயர் வைத்தவரே அவர்தான். சோதனைக்கு முன்னால் தண்டுக்கு ஒரு இரும்பு முட்டுக் கொடுக்க வேண்டும், வால்வு விட்டுக்கொண்டாலும் இருபது வீதத்துக்கு மேல் போகாமல் இருக்க. பிறகு அவர் தன் கடவுச்சொல்லைப் போட்டு அந்த இரண்டு பார் வரம்பை ஒன்றுக்கு இறக்குவார். வால்வு முக்கி முனகி ஒரு வெட்டு வெட்டி அசையும். வரம்பைத் திரும்ப ஏற்றி, முட்டு இரும்பைக் கழற்றி, இன்னொரு தடவை ஓட்டுவார். அந்தக் கடைசித் தாள்தான் கோப்புக்குப் போகும். முட்டுக் கொடுத்திருக்கும் நேரத்தில் அடுப்பு அணைந்தால் வால்வு மூடவே முடியாது என்பதை அடுப்புக்காரனுக்கு யாரும் சொல்வதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த அடுப்புக்காரன் என் அப்பா. வீரய்யா.

அன்று நெருப்பு அணைந்தது. முட்டு இல்லாமலேயே பெரிய வால்வு இறுகி நின்றது, மூடவில்லை. அதற்குப் பின்னாலிருந்த சின்ன வால்வு மூடியும் கசிந்தது. அப்பா கையால் திருகும் வால்வுக்கு ஓடினார். கை வைக்கும்போது கசிந்த கேஸ் தீப்பிடித்துக்கொண்டது. வால்வைக் கழற்றிக் கழுவிப் பூட்டிவிட்டுத்தான் விசாரணைக்காரரைக் கூப்பிட்டார்கள். துரைராசா சார் தாளை நீட்டினார்: பதினெட்டு நாளுக்கு முன் சோதனை, தேர்ச்சி. வால்வு நல்ல வால்வு. நல்ல வால்வு மூடியிருக்கும். மூடிய பிறகும் கேஸ் வந்ததென்றால் வீரய்யா அவசரப்பட்டுத் திரும்பப் பற்ற வைக்கப் பார்த்திருக்க வேண்டும். அப்பாவின் வேலை போனது. வழக்குப் போடாமலிருக்க எனக்கு வேலை தந்தார்கள். ஹட்டனில் கருவித் தொழில் படித்திருந்தேன். "உங்கட அப்பாவின்ர பிழையை நான் மனசில வைச்சிருக்கேல்லை, பிள்ளை" என்றார் துரைராசா சார், முதல் நாளே.

நான் மனசில் வைத்திருந்தேன். வால்வைக் கழுவியவர்கள் பெட்டியை மாற்றவில்லை. எடுத்து வைத்து, அதையே திரும்பப் பூட்டியிருந்தார்கள். கடைசி நாற்பது சோதனைகள் அதற்குள் அப்படியே கிடந்தன.

வேலைக்கு வந்த இரண்டாவது மாதமே பார்த்துவிட்டேன். யாரிடம் கொண்டுபோவது? அவருக்கு மேலே இருந்தவர்கள் அவர் தாளை நம்பியவர்கள். வெளியாள் ஒருவர் கண்ணால் பார்க்க வரும் நாளுக்காகக் காத்திருந்தேன். அதுவரை அவர் சொன்னபடி நாலு தடவை நானே முட்டுக் கொடுத்து, அவர் தந்த கடவுச்சொல்லைப் போட்டு, எழுப்பியும் விட்டேன்.

பத்து மணிக்கு இன்சூரன்ஸிலிருந்து ஊர்மிளா மேடம் வந்தார். கொழும்பிலிருந்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது, கண்ணில் இல்லை. துரைராசா சார் தேநீர் கொடுத்து, நுவரெலியாக் குளிரைப் பற்றிப் பேசி, கீழே கூட்டி வந்தார். அடுப்பில் லெட்சுமணன் அண்ணன் நின்றார், அப்பாவின் இடத்தில்.

"எப்ப வால்வு டெஸ்டுன்னாலும் நம்மள வெளிய போ, டீ குடின்னு அனுப்புவீங்க. இன்னைக்கு நிக்கலாங்களா சார்?"

"நில்லும், நில்லும். அம்மாவும் பாக்கட்டும்."

நான் கையடக்கக் கருவியைப் பெட்டியில் மாட்டினேன். பதினைந்து வீதம். பொத்தானை அமுக்கினேன். காற்று சீறி இறங்கியது. ஐந்தரை. நாலரை. மூன்றரை. தண்டின் முள் அசையவில்லை. மூன்று. துரைராசா சார் என்னைப் பார்த்தார். இரண்டரை. முள் கல்லில் அடித்த ஆணி மாதிரி நின்றது. இரண்டு. பெட்டி ஒரு கிளிக்கோடு கைவிட்டு, காற்றைத் திரும்ப நிரப்பியது. திரையில்: தோல்வி, அசைவு இல்லை.

அடுப்பு எதுவும் நடக்காத மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

"குளிருக்கு முதல் தரம் இப்பிடித்தான், மிஸ். கிருஷாந்தி, திருப்பி ஒருக்காப் போடும்."

"போடுறேன் சார். ரெண்டு பார்ல பெட்டி கைவிட்ரும். ஒங்க பாஸ்வேர்ட் போட்டு ஒன்னுக்கு எறக்குனாத்தான் வரும். முட்டு எடுத்தாரவா?"

அவர் முகம் வெளுத்ததை நான் நின்று பார்த்தேன். அவசரப்படவில்லை. இரண்டு வருடம் காத்திருந்தது இதற்குத்தான்.

"என்ன முட்டு?" என்றார் ஊர்மிளா மேடம்.

"ஒண்டுமில்லை, மிஸ், இவ புதுப்பிள்ளை..."

"நெருப்பு அவிஞ்சா அதுக்கும் ரெண்டாந்தடவ குடுப்பாங்களா சார்?" என்றார் லெட்சுமணன் அண்ணன். கேலிதான். குரல் மட்டும் வறண்டிருந்தது.

"மேடம், பழைய டெஸ்டெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள இருக்குங்க. பேப்பர்ல வராததும் இருக்கு. பாக்குறீங்களா?"

அவர் கையை நீட்டினார். நான் கருவியைக் கொடுத்தேன். தன் கோப்பைப் பார்த்து, விபத்துக்குப் பதினெட்டு நாளுக்கு முந்திய தேதிக்குத் தள்ளினார். காலை ஆறு பத்து: தோல்வி. ஆறு பதினெட்டு: தோல்வி. ஆறு முப்பத்தொன்று: வரம்பு ஒன்றாக மாற்றம். ஆறு முப்பத்து நாலு: அசைவு, ஒன்றேகால் பாரில். ஆறு ஐம்பது: வரம்பு இரண்டாக மாற்றம். ஆறு ஐம்பத்தைந்து: தேர்ச்சி. ஆறு வரிக்கும் துரைராசா சாரின் பெயர்.

"மிஸ்டர் துரைராசா, உங்கட கோப்பில ஒரு டெஸ்ட் மட்டுந்தானே இருக்கு?"

"அது... கடைசிப் பெறுபேற்றைத்தான் நாங்கள் வழமையா..."

"வீரய்யாவோட கை எரிஞ்சதுக்கு அந்தக் கடைசிப் பேப்பரத்தான் காட்டினீங்க சார்," என்றேன்.

அவர் திரும்பினார். இப்போதுதான் நிமிர்ந்தார். "மிஸ், கீழ தள்ளிப் பாருங்கோ. போன வருசத்தில இருந்து எழுப்பினது ஆரெண்டு பாருங்கோ. இவவின்ர பேர்தான்! இவவும் செய்தவ!"

ஊர்மிளா மேடம் தள்ளினார். கே. வீரய்யா. என் பெயர்தான். நாலு காலை. வரம்பை மாற்றிய வரிகளில் மட்டும் துரைராசா சாரின் பெயர்.

"இது நீங்களா?"

"நாந்தாங்க மேடம். அதையும் எழுதிக்கோங்க."

லெட்சுமணன் அண்ணன் என்னைப் பார்த்தார். "அப்ப ஒனக்குத் தெரியும்."

"தெரியும்ண்ணே."

"ஒரு வருசமா நான் இது முன்னாடி நிக்கிறேன். முட்டுக் குடுத்துட்டு என்னைய டீ குடிக்க அனுப்பினதும் நீதான்."

"ஆமா."

"ஒங்கப்பனுக்கு நடந்தது எனக்கு நடந்திருந்தா?"

நடந்திருந்தால் அந்தப் பெட்டியில் இன்னொரு சாட்சி வரி கூடியிருக்கும். அப்படியும் நான் யோசித்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் தரையில் துப்பிவிட்டு, கையால் திருகும் வால்வுக்குப் போய்க் காத்து நின்றார்.

வால்வைக் கழற்றாமல் அடுப்பு எரியக்கூடாது என்று மேடம் எழுதிக் கொடுத்தார். சாற்றை நிறுத்தினார்கள். லெட்சுமணன் அண்ணன் கேஸைத் திருகி மூடினார். கோபுரத்தின் இரைச்சல் அடங்க அடங்க, கீழே தொழிலாளர் லயத்துச் சேவல் கூவுவது கேட்டது. மேடம் தோல்வித் தாளை நீட்டினார். துரைராசா சார் பேனாவைத் திறக்க இரண்டு தடவை முயன்றார். மூன்றாவது தடவை திறந்தது. கையெழுத்துப் போட்டார். பின்னேரம் அவரையும் என்னையும் ஒரே மாதிரிக் கடிதத்தில் வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள்.

லயத்துக்கு இறங்கினேன். அப்பா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். தோல்வித் தாளைப் போனில் படம் எடுத்திருந்தேன். அவர் விரலுக்கு போன் திரை வேலை செய்யாது. எரிந்த தோல். நானே பெரிதாக்கிக் காட்டினேன்.

"கையெழுத்துப் போட்டானா?"

"போட்டான்ப்பா."

"எந்தக் கையால?"

"வலது கை."

தன் வலது கையை மடியில் திருப்பி வைத்துப் பார்த்தார். மடங்காத மூன்று விரல்.

"அவன் கை நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"ம்," என்றார் அப்பா. போனை என் பக்கம் தள்ளினார். "லெட்சுமணன் இந்த வழியா வீட்டுக்குப் போனான். கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கல. என்ன நடந்துச்சு?"